எஃப் அண்ட் ஓ: டேர்ன்ஓவர் எவ்வளவு, டாக்ஸ் ஆடிட் யாருக்கு?

நிஃப்டி ஃபியூச்சர்ஸில் ஒரு லாட் வாங்கினாலே ஒப்பந்த மதிப்பு பல லட்சம் ரூபாயாகிவிடும். வாரத்துக்கு நாலு முறை வாங்கி விற்பவரின் கணக்கில், ஆண்டு முடிவில் பல கோடி ரூபாய் ஓடியிருக்கும். புரோக்கர் அனுப்பும் அறிக்கையில் அந்தத் தொகையைப் பார்த்ததும், ‘பத்து கோடியைத் தாண்டிவிட்டது, ஆடிட் கட்டாயம்’ என்று பலர் பதறுகிறார்கள். வருமான வரிக்கு அந்தத் தொகை டேர்ன்ஓவரே அல்ல.

எஃப் அண்ட் ஓ வருமானத்தைச் சட்டம் தொழில் வருமானமாகவே பார்க்கிறது. ஆனால் இங்கே சரக்கு கைமாறுவதில்லை. விலை வித்தியாசம் மட்டுமே கைக்கு வருகிறது, அல்லது கையை விட்டுப் போகிறது. அதனால் அந்த வித்தியாசங்களின் கூட்டுத்தொகையையே டேர்ன்ஓவராகக் கொள்ள வேண்டும் என்கிறது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டிக் குறிப்பு. கூட்டும்போது நஷ்டத்தைக் கழிக்கக் கூடாது. லாபமோ நஷ்டமோ, தொகையை மட்டும் எடுத்துக் கூட்ட வேண்டும்.

2025 ஜூனில் ஒருவர் செய்த நான்கு வர்த்தகங்களை வைத்துப் பார்ப்போம். அப்போது நிஃப்டியின் ஒரு லாட் 75. ஃபியூச்சர்ஸை 24,800-க்கு வாங்கி 24,900-க்கு விற்றார். லாபம் 7,500 ரூபாய். அதே ஃபியூச்சர்ஸை மறுபடி வாங்கியதில் 160 புள்ளி இறங்கி, 12,000 நஷ்டம். ஒரு கால் ஆப்ஷனை 120 ரூபாய் பிரீமியத்துக்கு விற்று, 80-க்குத் திரும்ப வாங்கினார், லாபம் 3,000. 60 ரூபாய்க்கு வாங்கிய இன்னொரு ஆப்ஷன் காலாவதியாகி மதிப்பிழந்தது, நஷ்டம் 4,500.

மொத்தத்தில் அவர் இழந்தது 6,000 ரூபாய். டேர்ன்ஓவரோ 7,500 + 12,000 + 3,000 + 4,500, அதாவது 27,000 ரூபாய்.

தவறு நேர்வது இரண்டு இடங்களில். முதலாவது, விற்ற ஆப்ஷனின் பிரீமியம். மேலே அது 9,000 ரூபாய். இதையும் தனியாகச் சேர்த்து 36,000 என்று காட்டுபவர்கள் உண்டு. ஆனால் 3,000 ரூபாய் லாபத்தைக் கணக்கிட்டபோதே அந்தப் பிரீமியம் உள்ளே வந்துவிட்டது. அப்படி வந்திருந்தால் மறுபடி சேர்க்க வேண்டாம் என்று 2022-ல் திருத்தப்பட்ட குறிப்பு தெளிவாக்கிவிட்டது. இரண்டாவது, ஒரே ஒப்பந்தத்தின் லாப நஷ்டங்களை நேர்செய்துவிடுவது. இரண்டு ஃபியூச்சர்ஸ் வர்த்தகங்களையும் ஒன்றாக்கினால் 4,500 என்றுதான் வரும். உண்மையில் அது 19,500. புரோக்கரின் அறிக்கையில் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரே வரி மட்டும் இருந்தால் இப்படி நேர்செய்திருக்கிறார்கள் என்று பொருள். வர்த்தகவாரியான அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து ஆடிட். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏபி பிரிவில் பொது வரம்பு 1 கோடி. தொழிலின் வரவிலும் செலவிலும் ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாதவருக்கு 10 கோடி. எஃப் அண்ட் ஓ பணம் முழுவதும் வங்கி வழியே போவதால், அதை மட்டும் செய்பவருக்கு 10 கோடிதான் வரம்பு. ஆண்டு முழுதும் லாபங்கள் 14 லட்சம், நஷ்டங்கள் 19 லட்சம் என்றால் டேர்ன்ஓவர் 33 லட்சம். வரம்புக்கு வெகு கீழே.

ஆனால் அவரே மளிகைக் கடையும் வைத்து, முழுக் கணக்கு எழுதி, ஆண்டுக்கு 80 லட்சம் ரூபாய்க்குப் பெரும்பாலும் ரொக்கத்தில் விற்கிறார் என்றால் நிலைமை மாறுகிறது. இரண்டு தொழிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டுவதால் வரம்பு 1 கோடிக்கு இறங்குகிறது, டேர்ன்ஓவர் 1.13 கோடியாக ஏறுகிறது. ஆடிட் கட்டாயம்.

‘நஷ்டம் காட்டினாலே ஆடிட்’ என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. நஷ்டம் மட்டுமே ஆடிட்டுக்குக் காரணமாகாது. 44ஏடி பிரிவின்படி, கணக்கு எழுதாமல் டேர்ன்ஓவரில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய வழி ஒன்று உண்டு. அதை ஓர் ஆண்டு பயன்படுத்திவிட்டு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் அதற்குக் குறைவாகவோ நஷ்டமாகவோ காட்டினால்தான் சிக்கல். அப்போது, சம்பளம் உட்பட மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், டேர்ன்ஓவர் சில லட்சமே என்றாலும் ஆடிட் வேண்டும். அந்த வழிக்கு இதுவரை போகாதவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே ஒரு நல்ல ஆண்டில் 6 சதவீதம் காட்டுமுன், அடுத்த ஐந்து ஆண்டுகளிலும் அப்படிக் காட்ட முடியுமா என்று யோசிக்க வேண்டும்.

ஆடிட் தேவையில்லை என்றாலும் நஷ்டத்தை மறைத்துவிடாதீர்கள். ஐடிஆர்-3 படிவத்தில் கெடு தேதிக்குள் காட்டினால், அந்த ஆண்டில் சம்பளம் தவிர்த்த பிற வருமானங்களில் அதைக் கழிக்கலாம்; மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை வரும் தொழில் லாபத்தில் ஈடுகட்டலாம். கெடு தவறினால் அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமை போய்விடும்.