விவசாயிகள் கம்பெனிக்கு லோன் அப்ளிகேஷன்: பேங்க் நம்புற மாதிரி எழுதுவது எப்படி?

ஊர்ல அப்பாவோ மாமாவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துல உறுப்பினரா இருந்தா, "தம்பி, நீ ஆபீஸ்ல இருக்கிற ஆளு, இந்த லோன் அப்ளிகேஷனைக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா"ன்னு ஒருநாள் போன் வரும். அதுல கம்பெனியைப் பற்றி ரெண்டு பக்கம் விளக்கம் எழுதணும். பலர் சறுக்குறது அங்கதான்.

ஒரு உதாரணக் கம்பெனியை எடுத்துக்குவோம். நிலக்கடலை வாங்கி விக்கிறாங்க. கடலை உடைக்கும் மெஷினும் ஷெட்டும் போட 8 லட்சம் ஆகும். சொந்தப் பணம் 2 லட்சம், மீதி 6 லட்சம் லோன். முதல்ல எழுதின விளக்கம் இப்படி இருக்கு:

"1,000 விவசாயிகளின் வாழ்வை மாற்றி, மூன்றே ஆண்டுகளில் 5 கோடி ரூபாய் விற்றுமுதல் எட்டுவோம்."

பேங்க் அதிகாரி இதைப் படிச்சதும் ஆடிட் அறிக்கையைப் புரட்டுவார். உறுப்பினர் பதிவேட்டில் 420 பேர். போன வருஷ விற்பனை 1.25 கோடி. அது எப்படி நாலு மடங்காகும்னு கேள்வி வரும். ஒரு நம்பர் இடிச்சா, மற்ற நம்பர் மேலயும் சந்தேகம் வந்துடும்.

உங்க ஹோம் லோனுக்கு பேங்க் என்ன பார்த்தாங்க? அடுத்த புரமோஷனை இல்லை. இப்போ கைக்கு வர்ற சம்பளத்துல ஈஎம்ஐ போக எவ்வளவு மிஞ்சும்னு பார்த்தாங்க. இங்கேயும் அதே கணக்குதான்.

போன வருஷம் 160 உறுப்பினர்கள் கொடுத்த 150 டன் கடலையில், சாக்கு, கூலி, வண்டி வாடகை எல்லாம் போகக் கிலோவுக்கு 4 ரூபாய் நின்னுச்சு. அது 6 லட்சம். உரக்கடை லாபம் 1 லட்சம். மொத்தம் 7 லட்சம். வாடகை, கரண்ட், ஆடிட் செலவு 1.6 லட்சம். இதைக் கழிச்சு 5.4 லட்சம் மிச்சம்னு எழுதத் தோணும். கொஞ்சம் பொறுங்க!

முதன்மைச் செயல் அலுவலர் சம்பளம், வருஷத்துக்கு 2.4 லட்சம், இப்போ அரசுத் திட்ட மானியத்துல வருது. மானியம் சில வருஷத்துல நின்னுடும், லோன் 5 வருஷம் ஓடும். அதனால அந்தச் சம்பளத்தையும் இப்பவே கழிக்கணும். அப்போ கட்டுறதுக்கு நிக்கிறது 3 லட்சம்.

11% வட்டி, 5 வருஷம்னு வெச்சா, வருஷத் தவணை சுமார் 1.6 லட்சம். 3-ஐ 1.6-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 1.9. இந்த விகிதம் 1.5-க்கு மேல இருந்தா பேங்க்குக்கு ஓரளவு நிம்மதி. கணக்கு இப்பவே நிக்குது, 5 கோடிக் கனவு தேவையே இல்லை.

மழை பொய்த்தா? கடலை வரத்து கால்வாசி குறைஞ்சா 7 லட்சம் 5.5 லட்சமாகும். 4 லட்சம் செலவு போக 1.5 லட்சம். தவணைக்கு 10,000 ரூபாய் குறையுது. இதை மறைக்காம எழுதி, எதிலிருந்து ஈடுகட்டுவோம்னும் சொல்லணும்.

தவணைத் தேதியும் முக்கியம். சம்பளம் மாதிரி மாசாமாசம் பணம் வராது; அறுவடை முடிஞ்சாத்தான் வரும். கம்பெனிக்கு விற்பனைப் பணம் வர்ற மாசங்களைப் பார்த்து, அரையாண்டுத் தவணை கேட்கலாம்.

இப்போ திருத்தி எழுதினது:

"எங்கள் 420 உறுப்பினர்களில் 160 பேர் சென்ற ஆண்டு 150 டன் நிலக்கடலை வழங்கினர். மானியத்தில் வரும் சம்பளத்தையும் செலவாகக் கழித்தபின் 3 லட்சம் ரூபாய் உபரி. ஆண்டுத் தவணை சுமார் 1.6 லட்சம். வரத்து கால் பங்கு குறைந்தால் 10,000 ரூபாய் பற்றாக்குறை ஏற்படும். அதை 1 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையிலிருந்து கட்டுவோம். ஜனவரி, ஜூன் மாதங்களில் தலா 80,000 ரூபாய் செலுத்த அனுமதி கோருகிறோம். இயந்திரத்தால் வரும் கூடுதல் வருமானம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை."

420-ல் 160 பேர்தான் கடலை கொடுத்தாங்கன்னு சொல்றது பலவீனமாத் தெரியலாம். ஆனா கொள்முதல் பதிவேட்டைப் பார்த்தா அது எப்படியும் தெரியும். நாமே சொன்னா நம்பிக்கை கூடும். அதேபோல, எண்ணெய் மில்காரர் "வாங்கிக்கிறேன்"னு கொடுத்த கடிதத்தை ஒப்பந்தம்னு எழுதாதீங்க. விலையும் அளவும் அதுல இல்லைன்னா, அது விருப்பக் கடிதம் மட்டும்தான்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. விளக்கத்துல இருக்கிற ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல, அது எந்தக் காகிதத்துல இருக்குன்னு பென்சில்ல குறிங்க: ஆடிட் அறிக்கை, கொள்முதல் பதிவேடு, பேங்க் ஸ்டேட்மென்ட். காகிதம் இல்லாத நம்பரை எடுத்துடுங்க, இல்லைன்னா "எதிர்பார்க்கிறோம்"னு மாத்துங்க.