டபிள்யூஏஎஸ் சான்றிதழ்: கிளையன்ட் அதை வெச்சு எதை நம்பலாம்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

நெமிலிச்சேரியிலிருந்து பேசுறேன். நடுவுல ட்ரெயின் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன சில மாசமா இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி கேள்வி வந்துட்டே இருக்கு. அம்பத்தூர், ஆவடி பக்கம் சின்ன ஏஜென்சியில வேலை செய்ற டெவலப்பர்ஸ், ஃப்ரீலான்ஸ் டிசைனர்ஸ்தான் நிறைய பேர் கேக்குறாங்க. "ப்ரோ, வெப் ஆக்ஸஸிபிலிட்டி ஸ்பெஷலிஸ்ட் சர்டிஃபிகேஷன் எடுத்தா கிளையன்ட் மதிப்பாங்களா?" இதுக்கு ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியாது. அந்தச் சான்றிதழ் எதைச் சொல்லுது, எதைச் சொல்லலன்னு பிரிச்சுப் பார்த்தா பதில் தானா வந்துடும்.

முதல்ல, இந்தக் கேள்வி இப்ப ஏன் வருதுன்னு பார்ப்போம்.

2025 ஏப்ரல் 30 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. பிரக்யா பிரசூன் வழக்குன்னு சொல்வாங்க. ஆசிட் தாக்குதல்ல பாதிக்கப்பட்டவங்க, பார்வையில்லாத ஒரு வழக்கறிஞர், இவங்கதான் கோர்ட்டுக்குப் போனவங்க. ஆன்லைன் கேஒய்சி பண்ணும்போது கேமரா முன்னாடி கண் சிமிட்டச் சொல்லும் இல்ல? கண் சிமிட்ட முடியாத ஒருத்தருக்கு அந்த ஸ்கிரீனோட பேங்க் கதவு மூடிடுது. தீர்ப்பு சொன்ன ரெண்டு நீதிபதிகள்ல ஒருத்தர் ஆர். மகாதேவன், நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். மொத்தம் 20 உத்தரவு. அதுல ஒண்ணுதான் நமக்கு முக்கியம். நிதி நிறுவனங்கள் சான்றிதழ் பெற்ற ஆக்ஸஸிபிலிட்டி நிபுணர்களை வெச்சு அவ்வப்போது ஆடிட் பண்ணணும். அதோட, புது ஆப், புது வசதி எது வந்தாலும் பார்வையில்லாதவங்களை வெச்சு டெஸ்ட் பண்ணணும். இந்த ரெண்டாவது பாதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

மூணு மாசம் கழிச்சு, 2025 ஜூலை 31 அன்னைக்கு, செபி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. தரகு நிறுவனங்கள், மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்கள்னு தன் கட்டுப்பாட்டுல இருக்குற எல்லாரும் வெப்சைட், ஆப் எல்லாத்தையும் ஆடிட் பண்ணணும். ஆடிட்டர் ஐஏஏபி சான்றிதழ் பெற்றவரா இருக்கணும்னு சொல்லிடுச்சு. காலக்கெடுவைப் பிறகு தள்ளி வெச்சாங்க. ஆனா ஐஏஏபிங்கிற பேர் அப்படியே எல்லா டெண்டர்லயும் ஈமெயில்லயும் வர ஆரம்பிச்சிடுச்சு. கிளையன்ட் "ஐஏஏபி இருக்கா?"ன்னு கேக்குறது இதனாலதான்.

ஐஏஏபின்னா ஆக்ஸஸிபிலிட்டி துறையில வேலை செய்றவங்களுக்கான சர்வதேசச் சங்கம். 2014-ல தொடங்கினது. சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது: அவங்க ஒரே ஒரு சான்றிதழ் தரல. சிபிஏசிசின்னு ஒண்ணு இருக்கு. அது மாற்றுத்திறன் வகைகள், சட்டங்கள், எல்லாருக்குமான வடிவமைப்பு இதையெல்லாம் கேக்கும்; கோடு பக்கம் போகாது. டபிள்யூஏஎஸ்தான் நாம பேசுற வெப் சான்றிதழ். ரெண்டும் எழுதி பாஸ் பண்ணா சிபிடபிள்யூஏன்னு ஒரு பட்டம், அதுக்குத் தனியா பரீட்சை கிடையாது. பிடிஎஃப் மாதிரி ஆவணங்களுக்கு வேற ஒண்ணு. கட்டடத்துக்கு, அதாவது சாய்வுதளம், லிஃப்ட், கதவு அகலம் இதுக்கெல்லாம் இன்னொண்ணு. இவங்க எல்லாருமே "ஐஏஏபி சான்றிதழ் பெற்றவர்"தான். அதனால கிளையன்ட் கேக்க வேண்டிய முதல் கேள்வி "எந்தச் சான்றிதழ்?" வெப்சைட் ஆடிட்டுக்குக் கட்டட நிபுணர் வந்து நிக்கக் கூடாது இல்லையா. ஐஏஏபியில உறுப்பினரா இருக்குறதும் சான்றிதழ் இல்ல. உறுப்பினர் கட்டணம் கட்டினா யாரும் ஆகலாம்.

சரி, டபிள்யூஏஎஸ் எதைச் சோதிக்குது? 75 கேள்வி, 2 மணி நேரம், எல்லாமே கொடுத்த விடைகள்ல இருந்து தேர்ந்தெடுக்குறது. சரியா கட்டுறது எப்படி, இருக்குற பக்கத்துல பிரச்னையைக் கண்டுபிடிக்கிறது எப்படி, எதை முதல்ல சரி பண்ணணும், இந்த மூணுதான் பாடம். டபிள்யூசிஏஜி விதிகள் தெரியணும், ஸ்கிரீன் ரீடர் எப்படி நடந்துக்கும்னு தெரியணும், ஏரியா எப்ப போடணும், எப்ப போடக் கூடாதுன்னு தெரியணும். சும்மா ஒரு வாரம் புரட்டிட்டுப் போய் பாஸ் பண்றது கஷ்டம். அதனால அது சொல்ற விஷயம் உண்மையான விஷயம்தான்: இந்த ஆளுக்கு விதி தெரியும், வார்த்தை தெரியும், எங்க தேடணும்னு தெரியும். 3 வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும்.

ஆனா கவனிங்க, பரீட்சையில யாரும் ஒரு நிஜமான பக்கத்தைத் திறந்து சோதிச்சுக் காட்டல. அதோட, சான்றிதழ் ஒரு ஆளுக்குத்தான். உங்க வெப்சைட்டுக்கு இல்ல, உங்க ஏஜென்சிக்கும் இல்ல. "எங்க நிறுவனம் டபிள்யூஏஎஸ் சான்றிதழ் பெற்றது"ன்னு யாராவது போட்டா, அந்த வரியே தப்பு.

இந்த இடைவெளி எவ்வளவு பெருசுன்னு புரிய ஒரு பக்கத்தை எடுத்துப்போம். ஒரு தரகு ஆப்போட வெப் லாகின்னு வெச்சுக்குவோம். ஓடிபி போடணும், கீழ ஒரு பட்டன், தப்பா போட்டா சிவப்புல ஒரு மெசேஜ், 30 விநாடி டைமர். பட்டன் இப்படி எழுதியிருக்கு:

```html
<div class="btn" id="verify">Verify</div>
<p class="error"></p>
```

இந்தப் பக்கத்துல ஒரு ஆட்டோமேட்டிக் டூலை ஓட்டுங்க. இந்த ரெண்டு வரிக்கும் எந்தப் புகாரும் வராம போக வாய்ப்பு அதிகம். ஏன்னா `div` இருக்குறது தப்பில்ல, அது பட்டனா வேலை செய்யுதுங்கிறது ஜாவாஸ்கிரிப்ட்ல எங்கயோ இருக்கு. டூலுக்கு அது தெரியாது.

இப்ப மவுஸைத் தள்ளி வெச்சுட்டு டேப் கீ மட்டும் அழுத்துங்க. ஓடிபி பெட்டியிலிருந்து ஃபோகஸ் நேரா "மறுபடி அனுப்பு" லிங்க்குக்குத் தாவிடும். நடுவுல இருக்குற வெரிஃபை மேல நிக்கவே நிக்காது. என்விடிஏ மாதிரி ஸ்கிரீன் ரீடர் வெச்சிருக்குறவர் வரி வரியா படிச்சுட்டு வந்தா "க்ளிக்கபிள்"னு ஏதோ கேட்டு, எண்டர் தட்டி ஒருவேளை தப்பிச்சுடுவார். கை நடுக்கத்தால மவுஸ் பிடிக்க முடியாம, கீபோர்டு மட்டும் வெச்சு வேலை செய்றவருக்கு அந்த வழியும் இல்ல.

அடுத்தது பிழை மெசேஜ். ஒரு எண் தப்பா போட்டு அனுப்பிட்டார். ஸ்கிரீன்ல சிவப்பா எழுத்து வருது. ஸ்கிரீன் ரீடர் ஒண்ணும் பேசாது. அவர் உள்ள போயாச்சா, நெட் ஸ்லோவா, தப்பா போச்சான்னு தெரியாம காத்திருக்கார். 30 விநாடி முடிஞ்சுது. மறுபடி ஓடிபி, மறுபடி அதே அமைதி. மூணு தடவைக்கு மேல அக்கவுண்ட் லாக் ஆகுற ஆப்பா இருந்தா, மார்க்கெட் ஓடுற நேரத்துல தன் பங்கை அவரால விக்கவே முடியாது.

சரி பண்றது இவ்வளவுதான்:

```html
<button type="button" id="verify">Verify</button>
<p class="error" role="alert"></p>
```

நிஜமான பட்டன் போட்டா டேப், எண்டர், ஸ்பேஸ், "பட்டன்"ங்கிற அறிவிப்பு எல்லாம் இலவசமா வந்துடும். மெசேஜ் வர்ற இடத்தை முதல்லயே காலியா பக்கத்துல வெச்சிருந்து, பிறகு எழுத்தை மட்டும் உள்ள போடணும். மொத்த `p`-யையும் அந்த நேரத்துல புதுசா உருவாக்கினா சில ஸ்கிரீன் ரீடர், பிரவுசர் ஜோடியில அறிவிப்பு விட்டுப்போகும். அதனால திருத்தின பிறகு காதால கேட்டுத்தான் முடிவு சொல்லணும்.

டபிள்யூஏஎஸ் பாஸ் பண்ணவருக்கு இந்த ரெண்டு பிரச்னையோட விதி எண்ணும் தெரிஞ்சிருக்கும்: கீபோர்டுக்கு 2.1.1, நிலை அறிவிப்புக்கு 4.1.3. ஆனா இந்த லாகின்ல அவர் டேப் அழுத்திப் பார்த்தாரா? அதைச் சான்றிதழ் சொல்லாது. அதைச் சொல்றது ஆடிட் ரிப்போர்ட்ல ஒரு வரி. நல்ல வரி இப்படி இருக்கும்: எந்தப் பக்கம், எந்தத் தேதி, எந்த பிரவுசர், எந்த ஸ்கிரீன் ரீடர், என்ன பண்ணினோம், என்ன நடந்தது, என்ன கேட்டது, எந்த விதி, யாருக்கு எங்க வேலை நிக்குது, எப்படிச் சரி பண்றது, திருத்தின பிறகு எப்போ மறுபடி பார்த்தோம். மோசமான ரிப்போர்ட்டை உடனே கண்டுபிடிக்கலாம். டூல் துப்பின பட்டியல் அப்படியே இருக்கும், பாதி வரி கலர் கான்ட்ராஸ்ட், மீதி படத்துக்கு மாற்று எழுத்து இல்லங்கிறது. "நாங்க இதைக் கேட்டோம்"னு ஒரு வரி இருக்காது.

தமிழ் சைட்டுக்கு இன்னும் ஒரு சோதனை சேத்துக்கோங்க. பக்கம் முழுக்கத் தமிழ், ஆனா கோடுல `lang="en"`னு இருந்தா, ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலைப் பிடிச்சுக்கும். தமிழ் எழுத்தைக் குதறும், இல்ல அப்படியே தாண்டிப் போயிடும். விதி 3.1.1 பரீட்சைப் பாடத்துல இருக்கு. ஆனா தமிழ்க் குரலை நிறுவி இந்தச் சைட்டைக் கேட்டவர் யாருங்கிறது வேற கேள்வி.

இப்ப உச்ச நீதிமன்ற உத்தரவோட ரெண்டாவது பாதிக்கு வருவோம். சான்றிதழ் பெற்றவரோட ஆடிட்டோட கோர்ட் நிறுத்தல. பார்வையில்லாதவங்க டெஸ்டிங்ல இருக்கணும்னும் சொல்லுச்சு. ஒண்ணு விதியைத் தெரிஞ்சவரோட கண். இன்னொண்ணு அந்த ஆப்பைத் தினமும் காதால பயன்படுத்துறவரோட அனுபவம். எல்லா விதியும் பாஸ் ஆன பக்கத்துலயும், 30 விநாடிக்குள்ள மெசேஜ் ஆப்புக்குப் போய் ஓடிபியைக் கேட்டுட்டுத் திரும்பி வர்றது எவ்வளவு சிரமம்னு அவர்தான் சொல்லுவார்.

அதனால, கேள்வி கேட்டவங்களுக்கு என் பதில். நிதித் துறை கிளையன்ட் உங்ககிட்ட ஆடிட் கேட்டா, டபிள்யூஏஎஸ் நுழைவுச் சீட்டு மாதிரி. ஐஏஏபி சான்றிதழ் எதுவும் இல்லாம அந்த வேலைக்குள்ள போறது கஷ்டம், எடுங்க. உங்க வேலை டிசைனும் கோடும் மட்டும்னா, அதே நேரத்துல ஒரு சைட்டை முழுசா சோதிச்சு, ஆளோட அனுமதியோட பேரை மறைச்சு, அஞ்சு பக்க ரிப்போர்ட் ஒண்ணு தயார் பண்ணுங்க. சான்றிதழ் எடுத்தாலும் அதைப் பக்கத்துல வைங்க. கிளையன்ட் பக்கம் இருக்குறவங்க மூணே மூணு கேள்வி கேளுங்க: எந்தச் சான்றிதழ், எப்போ காலாவதி? ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறவரே சோதிச்சவரா, இல்ல அவர் பேருல ஜூனியர்ஸ் டூல் ஓட்டினாங்களா? மாதிரி ரிப்போர்ட் ஒண்ணு காட்ட முடியுமா? முதல் கேள்விக்கான பதிலை ஐஏஏபி வெப்சைட்ல இருக்குற சான்றிதழ் பெற்றவங்க பட்டியல்லயே சரிபார்க்கலாம்.

அடுத்த எபிசோட்ல ஓடிபி பெட்டியை ஆறு கட்டமா பிரிக்கிறது ஏன் தலைவலின்னு பேசுவோம். அதுவரைக்கும் உங்க சொந்த லாகின் பக்கத்துல மவுஸ் இல்லாம உள்ள போய்ப் பாருங்க. எங்க மாட்டினீங்கன்னு எழுதுங்க.