மின்பொருள் விவரக்குறிப்பு

மின்பொருள் விவரக்குறிப்பு என்பது மின்னூல், இணையவழிப் படிப்பு, மென்பொருள் உரிமம் ஆகியவற்றை விற்பவர், பணம் பெறும் முன்பே வாங்குபவருக்குத் தரும் விவரமாகும். வடிவம், அணுகல் காலம், இற்றைப்படுத்தல், பணம் திரும்பப் பெறும் வரம்பு ஆகிய நான்கும் இதில் இடம்பெற வேண்டும். அச்சு நூலை வாங்கியவருக்கு அந்தப் படி சொந்தமாகிவிடும். மின்பொருளில் பெரும்பாலும் விற்கப்படுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே.

வடிவமும் அணுகல் காலமும்

மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் இணையக் கடையில் மின்னூல்களை விற்றுவந்தது. அவற்றை அந்நிறுவனத்தின் எட்ஜ் உலாவியில் மட்டுமே படிக்க முடிந்தது. 2019 ஏப்ரலில் நூல் விற்பனை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு சூலையில், முன்பே வாங்கிய நூல்களும் திறக்காமல் போயின. நூலின் விலை முழுவதும் திருப்பித் தரப்பட்டது. நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. ஆனால் நூல்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

எனவே 'ஈபப்' அல்லது 'பிடிஎப்' என்று வடிவத்தை எழுதினால் மட்டும் போதாது. கோப்பைத் தரவிறக்கித் தனியே வைத்துக்கொள்ளலாமா, விற்பவரின் செயலியில்தான் திறக்குமா என்பதையும் எழுத வேண்டும். முதல் வகையில், கடை மூடினாலும் கோப்பு வாங்கியவரிடம் இருக்கும். இரண்டாம் வகையில், கடையின் ஆயுளே அணுகல் காலம். 'வாழ்நாள் அணுகல்' என்ற சொல் யாருடைய வாழ்நாளைக் குறிக்கிறது என்பதை இவ்வாறு அறியலாம்.

கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டம், உரிமம் மட்டுமே தருவதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. நிலையாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்களுக்கு இது பொருந்தாது.

இற்றைப்படுத்தல்

ஒருமுறை பணம் செலுத்தி வாங்கும் ஆபிஸ் 2019 மென்பொருளின் உரிமத்துக்கு முடிவு நாள் இல்லை. எனினும் 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான ஆதரவு முடிந்தது. மென்பொருள் தொடர்ந்து இயங்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. ஆகவே பயன்பாட்டுக் காலத்தையும் இற்றைக் காலத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

பணம் திரும்பப் பெறுதல்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழி வாங்கியதை 14 நாள்களுக்குள் காரணம் கூறாமல் விலக்கிக்கொள்ளலாம். மின்பொருளை உடனே தரவிறக்க இசைந்து, அதனால் இவ்வுரிமை போகும் என்பதையும் ஏற்றவருக்குத் தரவிறக்கம் தொடங்கியதும் அவ்வுரிமை இல்லை. எனவே நாள்களின் எண்ணிக்கையோடு, எந்தச் செயலால் உரிமை முடிகிறது என்பதையும் எழுத வேண்டும்.

மாதிரி

இலக்கணப் பயிற்சி மின்னூல் ஒன்றின் குறிப்பு இவ்வாறு அமையலாம்:

- வடிவம்: பிடிஎப், 120 பக்கங்கள். பூட்டு இல்லை, அச்சிடலாம்.
- அணுகல்: தரவிறக்க இணைப்பு 30 நாள்கள் இருக்கும். கோப்புக்குக் கால வரம்பு இல்லை.
- இற்றை: இப்பதிப்பின் பிழைத்திருத்தங்கள் ஓராண்டுக்கு இலவசம். புதிய பதிப்பு தனி விலை.
- பணம் திரும்ப: தரவிறக்கும் முன் 7 நாள்களுக்குள். கோப்பு திறக்காவிட்டால், தரவிறக்கிய பின்னும் உண்டு.