முந்நூறு விற்றது, இருநூறு நிற்கிறது

ஒரு பங்கை 240 ரூபாய்க்கு வாங்க வேண்டும். 248-க்கு ஏறினால் லாபத்தோடு விற்றுவிட வேண்டும். நினைத்ததற்கு மாறாக 235-க்கு இறங்கினால் நஷ்டம் போகட்டும் என்று வெளியேறிவிட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே தடவையில் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம் என்பதுதான் பிராக்கெட் ஆர்டரின் கவர்ச்சி. வாங்கும் ஆர்டர் நடுவில். மேலே டார்கெட், கீழே ஸ்டாப் லாஸ். டார்கெட் நிறைவேறினால் ஸ்டாப் தானாக ரத்தாகும், ஸ்டாப் நிறைவேறினால் டார்கெட் ரத்தாகும்.

தினசரி வர்த்தகம் செய்கிறவர்கள் இதைத் தேடிப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையில் 500 பங்குதான் இருக்கிறது, ஆனால் 248-ல் ஒரு விற்பனை ஆர்டர், 235-ல் இன்னொரு விற்பனை ஆர்டர் என்று தனித்தனியாகப் போட்டால், கணினியின் கணக்கில் நீங்கள் 1,000 பங்கை விற்கப் போகிறீர்கள். இன்ட்ராடே என்றால் இரண்டாவது ஆர்டருக்குத் தனியாக மார்ஜின் கேட்கும். டெலிவரி பங்கு என்றால் அந்த ஆர்டரையே நிராகரித்துவிடும். இரண்டையும் ஒன்றோடொன்று கட்டினால்தான், விற்கப் போவது 500 மட்டுமே என்று அதற்குப் புரியும்.

அந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நம் நாட்டில் அது பங்குச் சந்தையில் இல்லை. NSE-யின் கணினிக்கு டார்கெட் என்பது ஒரு சாதாரண லிமிட் விற்பனை ஆர்டர், ஸ்டாப் என்பது ட்ரிக்கர் விலையோடு வந்த வேறொரு ஆர்டர். இரண்டும் உறவு என்று அதற்குத் தெரியாது. உறவைப் பராமரிப்பது உங்கள் புரோக்கரின் சர்வர். சந்தையிலிருந்து ‘டார்கெட் விற்றுவிட்டது’ என்று செய்தி வந்தால், அது ‘ஸ்டாப்பை ரத்து செய்’ என்று சந்தைக்குத் திருப்பிச் சொல்கிறது. முழுதாக விற்றால் இதில் குழப்பம் இல்லை. பாதி விற்றால் என்ன சொல்ல வேண்டும்?

பாதி விற்பது அபூர்வமும் அல்ல. 248-ல் விற்கக் காத்திருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. ஒரே விலையில் நிற்பவர்களில் முதலில் ஆர்டர் போட்டவருக்குத்தான் முதலில் விற்கும். உங்களுக்கு முன்னால் 2,100 பங்குகள் நிற்கின்றன என்று வையுங்கள். 248 கொடுத்து வாங்க 2,400 பங்குக்குத்தான் ஆள் வருகிறது, அதோடு விலை திரும்பிவிடுகிறது. முன்னால் நின்ற 2,100-உம் விற்று, உங்களுடையதில் 300 விற்று, 200 அப்படியே நிற்கும். திரையில் ஆர்டர் வரிசையைப் பார்த்தால் `300/500` என்றும், பக்கத்தில் `OPEN` என்றும் இருக்கும். ‘பாதிதான் ஆயிற்று’ என்று எச்சரிக்கும் தனி நிறமோ ஓசையோ பெரும்பாலான செயலிகளில் கிடையாது.

இப்போது அந்த 200 பங்குக்குக் காவல் இருக்கிறதா என்பது, உங்கள் புரோக்கரின் மென்பொருளை எழுதியவர் அன்று எப்படி யோசித்தார் என்பதைப் பொறுத்தது.

முதல் துண்டு விற்றவுடனேயே ஸ்டாப்பை முழுதாக ரத்து செய்யும்படி அவர் எழுதியிருக்கலாம். அப்படியானால் உங்களிடம் இருப்பது 200 பங்கும், 248-ல் தொங்கும் ஒரு விற்பனை ஆர்டரும் மட்டும்தான். கீழே எதுவும் இல்லை. பங்கு மாலைக்குள் 228-க்கு இறங்குகிறது. 300 பங்கில் எட்டு ரூபாய் வீதம் கிடைத்த 2,400 ரூபாய் லாபத்தை, 200 பங்கில் பன்னிரண்டு ரூபாய் வீதம் போன 2,400 ரூபாய் நஷ்டம் சரிக்குச் சரியாகத் தின்றுவிடும். ஸ்டாப் வேலை செய்திருந்தால் நஷ்டம் 1,000 ரூபாயோடு நின்று, கையில் 1,400 மிஞ்சியிருக்கும்.

இல்லை, டார்கெட் முழுதாக முடியும்வரை ஸ்டாப்பைத் தொடாதே என்று எழுதியிருக்கலாம். கேட்க இது பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் இதுதான் விபரீதமானது. ஸ்டாப் இன்னும் 500 பங்குக்கே நிற்கிறது. விலை 235-ஐத் தொட்டதும் 500-ஐயும் விற்றுவிடும். உங்களிடம் இருந்தது 200. மீதி 300 பங்கை இல்லாமலே விற்றிருக்கிறீர்கள், அதாவது ஷார்ட் போயிருக்கிறீர்கள். அங்கிருந்து விலை 241-க்கு ஏறினால் அந்த 300-இல் 1,800 ரூபாய் போகும். லாபத்தையும் முந்தைய நஷ்டத்தையும் கழித்துக் கூட்டினால், சரியாகக் கணித்து டார்கெட்டைத் தொட்ட ஒரு வர்த்தகம் 400 ரூபாய் நஷ்டத்தில் முடிந்திருக்கும். அன்றைக்கே திருப்பி வாங்க முடியாமல் பங்கு மேல் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால், கொடுக்க வேண்டிய பங்கைச் சந்தை ஏலத்தில் வாங்கும். அந்த விலையை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

சரியான வழி, 300 விற்றதும் ஸ்டாப்பை 200-க்குக் குறைப்பது. இன்னும் 50 விற்றால் 150-க்குக் குறைப்பது. அமெரிக்காவின் இன்டர்ஆக்டிவ் புரோக்கர்ஸ் நிறுவனம் இந்தத் தேர்வை வாடிக்கையாளரிடமே விட்டிருக்கிறது. தானியங்கி நிரல் எழுதுகிறவர் அங்கே `ocaType` என்ற இடத்தில் 1 என்று கொடுத்தால் ஒன்று நிறைவேறியதும் மற்றது ரத்து. 2 அல்லது 3 கொடுத்தால் மற்றதன் எண்ணிக்கை அதற்கேற்பக் குறையும். 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம், ஒரு நேரத்தில் ஒரு ஆர்டரை மட்டும் சந்தைக்கு அனுப்பி, தேவைக்கு மேல் விற்றுவிடாமல் பார்த்துக்கொள்வதா இல்லையா என்பது. இந்தத் தேர்வு இருக்கிறது என்பதே நம் ஊர்ச் செயலிகளைப் பயன்படுத்துகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

வாங்கும் பக்கமும் பாதி நிறைவேறும். 240-ல் 500 கேட்டோம், 180 மட்டும் கிடைத்தது. சில புரோக்கர்கள் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொரு துண்டுக்கும் தனி டார்கெட், தனி ஸ்டாப் போடுவார்கள். ஆர்டர் பட்டியல் நீண்டுபோகும், ஆனால் காவல் இருக்கும். வேறு சிலர் 500-உம் வந்து சேர்ந்த பிறகுதான் மற்ற இரண்டையும் எழுப்புவார்கள். ஆல்பகா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையேடு இப்படித்தான் சொல்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். 180 வாங்கிய பிறகு விலை 235-க்கு இறங்க வேண்டுமானால், அதே சந்தையில் அது 240-ஐக் கடந்துதான் இறங்க வேண்டும். அப்படிக் கடக்கும்போது உங்கள் மீதி 320-உம் கிடைத்துவிடும், ஸ்டாப்பும் எழுந்துவிடும். ஆகவே ஆர்டர் உயிரோடு இருக்கும்வரை பயம் குறைவு. ஆனால், ஏறும்போது 180 பங்கோடும் இறங்கும்போது 500 பங்கோடும் நிற்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். லிமிட் ஆர்டரின் குணமே அது. உண்மையான ஓட்டை, விலை ஏறுவதைப் பார்த்து ‘இனி கிடைக்காது’ என்று மீதி 320-ஐ நீங்கள் ரத்து செய்யும் நொடியில் விழுகிறது. வாங்கும் ஆர்டர் செத்தால், அதை நம்பித் தூங்கிக்கொண்டிருந்த இரண்டும் சேர்ந்தே செத்துவிடலாம். 180 பங்கு மட்டும் அனாதையாக நிற்கும்.

மூன்றாவது இடம் ஸ்டாப் லாஸே. நம் சந்தைகளில் இது முன்பைவிட இப்போது முக்கியம். ட்ரிக்கர் விலை தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்றுவிடும் SL-M வகையை NSE 2021 செப்டம்பரில் ஆப்ஷன்களுக்கு நிறுத்தியது. BSE 2023 அக்டோபரில் எல்லாப் பிரிவுகளுக்கும் நிறுத்தியது. அங்கெல்லாம் மிஞ்சியிருப்பது, ட்ரிக்கர் தொட்டதும் லிமிட் ஆர்டராக மாறும் SL வகைதான். ட்ரிக்கர் 235, லிமிட் 234.50 என்று அரை ரூபாய் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். சந்தை வேகமாகச் சரிகிறது. 234.50-க்கு மேல் 120 பங்கு விற்கிறது, அடுத்த கணம் விலை 233. மீதி 380 பங்கு, சந்தைக்கு மேலே யாரும் தொடாத ஒரு லிமிட் ஆர்டராகத் தொங்குகிறது. திரையில் `TRIGGER PENDING` என்றிருந்தது `OPEN` என்று மாறியிருக்கும். இந்த ஒரு சொல் மாற்றம்தான் அடையாளம். ஆர்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தால், பங்கு 228-க்குப் போகும்வரை அது சும்மா இருக்கும்.

இதற்கு மருந்து எளிது. லிமிட்டை 232 என்று தாராளமாக வையுங்கள். அப்படி வைத்தால் 232-க்குத்தான் விற்கும் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் மேலே எந்த விலையில் வாங்க ஆள் இருக்கிறதோ, அங்கிருந்துதான் விற்கத் தொடங்கும். 232 என்பது கடைசி எல்லை மட்டும்.

பிராக்கெட் ஆர்டர் இந்தியாவில் முன்போல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. குறைந்த மார்ஜினுக்காகத்தான் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பருக்குள் படிப்படியாக இறுகிய செபியின் மார்ஜின் விதிகளுக்குப் பிறகு அந்தச் சலுகை போயிற்று. இன்று அதன் இடத்தில் பலர் வைத்திருப்பது GTT-யின் OCO வகை. வீட்டில் பங்கு வைத்திருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். இது பொதுவாக முதல் வகையைப் போலவே நடக்கும். ஒரு விலை தொட்டதும் ஆர்டர் சந்தைக்குப் போகிறது, மற்ற விலையின் ட்ரிக்கர் அங்கேயே ரத்தாகிறது. ஆர்டர் நிறைவேறியதா, பாதி நின்றதா என்று அது காத்திருந்து பார்ப்பதில்லை. நின்ற மீதி அன்று மாலை 3.30-க்குச் சந்தை மூடும்போது காலாவதி. மறுநாள் காலை 9.15-க்கு உங்கள் 200 பங்குக்கு மேலேயும் ஆர்டர் இல்லை, கீழேயும் இல்லை. ஓராண்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் உங்களிடம் இருக்கும்.

சோதிப்பதற்குப் பெரிய அறிவு வேண்டாம். பொசிஷன் பக்கத்தில் கையிருப்பு எண்ணிக்கையைப் பாருங்கள். ஆர்டர் பக்கத்தில் `TRIGGER PENDING` என்று நிற்கும் ஸ்டாப்பின் எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டாப் குறைவாக இருந்தால் வித்தியாசம் அளவுக்குப் பங்கு வெறுமையாக நிற்கிறது. அதிகமாக இருந்தால் வித்தியாசம் அளவுக்கு ஷார்ட் போகக் காத்திருக்கிறீர்கள். டார்கெட் பாதி விற்று ஸ்டாப் காணாமல் போயிருந்தால், மீதி டார்கெட்டை ரத்து செய்துவிட்டு, அந்த எண்ணிக்கைக்கு முதலில் ஸ்டாப்பைப் போடுங்கள். ஸ்டாப் பாதி விற்று நின்றால், அந்த ஆர்டரையே திருத்தி லிமிட்டை இறக்குங்கள். புதிதாக இன்னொன்று போட்டால் பழையதும் சேர்ந்து விற்றுவிடக்கூடும்.

உங்கள் புரோக்கரின் உதவி மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி இரண்டே கேள்வி கேளுங்கள். டார்கெட் பாதி நிறைவேறினால் ஸ்டாப் ரத்தாகுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? வாங்கும் ஆர்டரின் மீதியை ரத்து செய்தால், ஏற்கெனவே வாங்கிய பங்குக்கு ஸ்டாப் உண்டா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், வாங்க விற்க ஆள் குறைவான சிறிய பங்குகளில் அந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள்.