நேரத்துக்கு ஈடாக வெப்பம்

பியூட்டைல் ரப்பரில் செய்த பந்தைத் தரையில் போட்டால் கொஞ்சம் எழும்பி, மந்தமாக அடங்கிவிடும். அதையே கொதிநீரில் சற்று நேரம் ஊறவிட்டு எடுத்துப் போட்டால் நன்றாகத் துள்ளும். வண்டி டியூப் செய்கிற ரப்பர்தான் அது. பந்து தரையில் பட்டு மீள்வதற்கு நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் ஆகும். அந்தக் கணத்துக்குள் ரப்பர் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று நேரடியாக அளப்பது கடினம். இதே ரப்பரை இழுத்துப் பிடித்து வைத்தால் ஒரு மாதம் கழித்து எவ்வளவு தளர்ந்திருக்கும் என்று கேட்டால், அதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டு கேள்விகளுக்கும் ஓர் ஆய்வகத்தில் சில நாட்களில் விடை காண ஒரு வழி இருக்கிறது.

அந்த வழியை மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர்களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் டொபோல்ஸ்கியும் எஃப்ரைம் காட்ஸிஃபும் முக்கியமானவர்கள். 1950களின் நடுவில் அவர்கள் எடுத்துக்கொண்டது பாலிஐசோபியூட்டிலீன். பியூட்டைல் ரப்பரில் பெரும்பகுதி இதுதான். சோதனை எளிமையானது. ஒரு துண்டைச் சிறிதளவு இழுத்து, அந்த நீளத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். நீளம் மாறாது, ஆனால் அதைப் பிடித்து வைக்கத் தேவைப்படும் விசை நேரம் போகப்போகக் குறையும். உள்ளே நூல்போல் நீண்ட மூலக்கூறுகள் நெளிந்து, புரண்டு, தங்களைச் சரிசெய்துகொள்வதால் வரும் தளர்ச்சி அது. விசையைத் துண்டின் குறுக்குப் பரப்பாலும் இழுத்த அளவாலும் வகுத்தால் கிடைப்பது மீட்சிக் குணகம், அதாவது விறைப்பின் அளவு. பாலிமரைப் பொறுத்தவரை இது ஒற்றை எண்ணாக நிற்பதில்லை. எவ்வளவு நேரம் கழித்து அளந்தோம் என்பதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

இந்தச் சோதனையை −80 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே தொடங்கி 50 டிகிரி வரை பல வெப்பநிலைகளில் செய்தார்கள். −80இல் அந்தப் பொருள் கண்ணாடிபோல் இறுகியிருக்கிறது. விறைப்பு சுமார் நூறு கோடி பாஸ்கல். அறை வெப்பத்தில் அது ரப்பர். விறைப்பு பத்து லட்சம் பாஸ்கலுக்கும் கீழே. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு சிறு வளைவு கிடைத்தது. எல்லாமே நொடிகளிலிருந்து சில நாட்கள் வரையிலான அதே குறுகிய ஜன்னலுக்குள் அடங்கியவை.

இனிமேல்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. நேர அச்சை மடக்கை அளவில் வரைய வேண்டும். அதில் 1 நொடிக்கும் 10 நொடிக்கும் உள்ள தூரம், 10க்கும் 100க்கும் உள்ள தூரத்துக்குச் சமம். ஆகவே எல்லா நேரங்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் வளைவின் வடிவம் மாறாது. மொத்தமாகப் பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். −60 டிகிரி வளைவையும் −50 டிகிரி வளைவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றின் வால் பகுதி மற்றதன் தலைப் பகுதியோடு அச்சாகப் பொருந்துவது தெரியும். மெல்லிய தாளில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, பொருந்தும்வரை நகர்த்துவார்கள். 25 டிகிரி வளைவை அசைக்காமல் வைத்து, குளிரில் எடுத்தவற்றை இடப்பக்கமும் சூட்டில் எடுத்ததை வலப்பக்கமும் தள்ளிக்கொண்டே போனால், சிறு துண்டுகள் சேர்ந்து ஒரே நீண்ட முதன்மை வளைவாகின்றன. நேரத்தைப் பதினைந்து முறை பத்தால் பெருக்கினாலும் கடக்க முடியாத அகலம் அதற்கு.

இப்படி நகர்த்துவதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது? மூலக்கூறின் சிறு துணுக்கு நெளிவதும், முழு நூலும் பிற நூல்களின் சிக்கலிலிருந்து வழுக்கி வெளியேறுவதும் வெவ்வேறு வேகத்தில் நடக்கின்றன. ஆனால் எல்லா அசைவுகளையும் தடுப்பது அக்கம்பக்கத்துத் துணுக்குகள் தரும் அதே உராய்வுதான். வெப்பம் கூடினால் துணுக்குகளுக்கு இடையே காலியிடம் கூடும், உராய்வு குறையும், எல்லா அசைவுகளும் ஒரே மடங்கில் வேகம் பெறும். 'ஒரே மடங்கில்' என்ற அந்த நிபந்தனையில்தான் முழு முறையும் நிற்கிறது.

அந்த மடங்கு எவ்வளவு என்பதற்கு 1955இல் வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி ஆகிய மூவரும் ஒரு சமன்பாடு தந்தார்கள். பாலிஐசோபியூட்டிலீனுக்கு, 25 டிகிரியை (298 கெல்வின்) அடிப்படையாகக் கொண்டால் அது இப்படி வரும்:

log aT = −8.61 (T − 298) / (200.4 + T − 298)

−60 டிகிரி என்பது 213 கெல்வின். T − 298 என்பது −85. மேலே 731.85, கீழே 115.4, வகுத்தால் 6.34. அதாவது aT சுமார் 22 லட்சம். −60இல் ஒரு மணி நேரம் பிடித்து வைத்து அளந்த விறைப்பு, 25 டிகிரியில் நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு கழித்து இருக்கும் விறைப்பு. பந்து தரையில் பட்டு மீளும் நேரமும் ஏறத்தாழ அதுதான். அவ்வளவு குறுகிய நேரத்தில் அறை வெப்பத்து ரப்பரின் துணுக்குகளால் முழுதாக ஈடுகொடுக்க முடிவதில்லை. பின்தங்கி அசைகின்றன, அடியின் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. 100 டிகிரியில் அதே அசைவுகள் இருநூறு மடங்குக்கும் மேல் வேகமாக நடக்கின்றன. பின்தங்கல் குறைகிறது, பந்து துள்ளுகிறது.

செய்பவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இந்தச் சமன்பாட்டின் எண்களில்தான். கண்ணாடிநிலை மாறும் வெப்பநிலையை அடிப்படையாக வைத்து, எல்லாப் பாலிமர்களுக்கும் பொது என்று 17.44, 51.6 என்ற இரண்டு எண்களைப் பாடநூல்கள் தருகின்றன. அவை சராசரிகள். மேலே செய்த கணக்கையே அவற்றை வைத்துச் செய்தால் விடை ஏறத்தாழ நூறு மடங்கு தவறிவிடும். சொந்த அளவீடு இருக்கும்போது அந்தப் பொது எண்களை எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் எண்ணம். சமன்பாடும் கண்ணாடிநிலை மாறும் புள்ளியிலிருந்து சுமார் நூறு டிகிரி மேலே வரைதான் செல்லும். அந்தப் புள்ளிக்குக் கீழே பொருள் சமநிலையில் இருப்பதில்லை; வைத்திருக்க வைத்திருக்கத் தானாகவே இறுகிக்கொண்டு போகும்.

செங்குத்தாகவும் ஒரு சிறு திருத்தம் உண்டு. ரப்பரின் விறைப்பு கெல்வின் வெப்பநிலைக்கு ஏற்பக் கூடும். 25இலிருந்து 50 டிகிரிக்குப் போனால் சுமார் 8 சதவீதம். கணக்கிட்டுத் திருத்தக்கூடிய இந்தச் சிறு அளவைத் தாண்டி, வளைவு பொருந்துவதற்காகவே மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பாலித்தீன் போன்ற படிகம் கொண்ட பொருட்களில் அப்படித்தான் ஆகும். சூட்டில் படிகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உருகுவதால், ஒவ்வொரு வெப்பநிலையிலும் நாம் அளப்பது வேறொரு பொருளை.

ஏமாற்றும் வழக்கு இன்னொன்று இருக்கிறது. மடக்கைத் தாளில் எதுவும் கொஞ்சம் பொருந்தியதுபோலவே தோன்றும்; குறுகிய ஜன்னலில் எடுத்த மென்மையான வளைவுகள் எப்படித் தள்ளினாலும் இணையும். ஆகவே நேர அச்சே இல்லாமல் சோதிக்க வேண்டும். ஆட்டி அளக்கும் கருவிகள் விறைப்போடு, விசைக்கும் அசைவுக்கும் இடையிலான பின்தங்கல் கோணத்தையும் தருகின்றன. கோணத்தை விறைப்புக்கு எதிராக வரைந்தால் வேகத்தின் மடங்கு முற்றிலும் மறைந்துவிடும். எல்லா வெப்பநிலைகளின் புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தால் நகர்த்தலாம். கோடுகள் விசிறிபோல் பிரிந்தால், இருவேறு அசைவுகள் வெப்பத்துக்கு இருவேறு மடங்கில் இசைகின்றன என்று பொருள். கலவைப் பாலிமர்களில் இது சாதாரணம். 1965இல் டொனால்ட் பிளாசெக், எளிய பொருள் என்று எல்லோரும் நம்பிய பாலிஸ்டைரீனிலும் இதைக் காட்டினார். கண்ணாடிநிலை மாறும் புள்ளிக்கு அருகில், துணுக்குகளின் அசைவும் முழு நூலின் ஓட்டமும் ஒரே மடங்கில் நகரவில்லை.