தையல்கார அண்ணாச்சியின் கணக்கு

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் 'உற்பத்தி' பாடத்தை முடித்த பிறகு "மூலதனம் என்றால் என்ன?" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் "பணம்" என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பிழையைத் திருத்த ஒரு சிறு கதையும் கொஞ்சம் கணக்கும் போதும். இராஜபாளையத்தை அடுத்த ஆலங்குளத்தில் நடப்பதாகக் கதையை அமைத்துள்ளேன். எண்களை உங்கள் ஊர்த் தையல்காரரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஆலங்குளத்துத் தையல்கார அண்ணாச்சி தினமும் பேருந்தில் இராஜபாளையம் சென்று, ஒரு கடையில் கூலிக்குத் தைத்து வந்தார். ஒரு ரவிக்கைக்குக் கடையில் 120 ரூபாய் வாங்கினார்கள். அதில் பாதி அவருக்கு. மாதம் 125 ரவிக்கை தைத்து 7,500 ரூபாய் ஈட்டினார். "மெஷின் மட்டும் நம்முடையதாக இருந்தால் மீதிப் பாதியும் நமக்குத்தானே!" என்று அவருக்குத் தோன்றியது. சேமித்த 3,600 ரூபாயுடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் 6,000 ரூபாய் கடன் வாங்கி, 9,600 ரூபாய்க்கு ஒரு மிதி இயந்திரம் வாங்கித் திண்ணையில் போட்டார்.

இங்கே கதையை நிறுத்தி, "எது மூலதனம்?" என்று கேளுங்கள். தகரப் பெட்டியில் இருந்தவரை அந்த 3,600 ரூபாய் சேமிப்புதான். அது எதையும் தைக்கவில்லை. உற்பத்திக்கு உதவும் இயந்திரமாக மாறியபோதுதான் மூலதனமானது. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இயந்திரமும் கத்தரிக்கோலும் நிலையான மூலதனம். தைத்தவுடன் தீர்ந்துபோகும் நூலும் கொக்கியும் நடைமுறை மூலதனம். மாணவர்கள் "துணி?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி! துணி வாடிக்கையாளருடையது. அண்ணாச்சி அதற்குப் பணம் போடவில்லை, ஆகவே அது அவருடைய மூலதனம் அல்ல.

இனி முதல் மாதக் கணக்கு. ஊருக்குள் கூலி 100 ரூபாய்தான். வந்ததும் 80 ரவிக்கைகள்தான். வரவு 8,000 ரூபாய். நூல், கொக்கி, எண்ணெய்க்கு ஒன்றுக்குப் பத்து வீதம் 800 ரூபாய். வட்டி 60 ரூபாய். இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது: பத்தாண்டு உழைக்கும் இயந்திரம் மாதந்தோறும் 80 ரூபாய் அளவுக்குத் தேய்கிறது. இந்தத் தேய்மானத்தை ஒதுக்கி வைக்காவிட்டால், பத்தாண்டு கழித்துப் புதிய இயந்திரத்துக்கு மறுபடியும் கடன்தான். எல்லாம் போக மிஞ்சுவது 7,060 ரூபாய். கூலிக்குப் போனபோது கிடைத்ததைவிட 440 ரூபாய் குறைவு!

ஏன் குறைந்தது? கடைக்காரர் எடுத்துக்கொண்ட பாதி, இயந்திரத்துக்கு மட்டுமான வாடகை அல்ல. கடைத்தெருவில் இடம், தேடி வரும் வாடிக்கையாளர்கள், வேலை வராத நாளின் நட்டம் எல்லாம் அதில் அடங்கியிருந்தன. இப்போது அந்தப் பொறுப்பு அண்ணாச்சியின் தலையில். உழைப்பாளியாக இருந்தவர் தொழில்முனைவோரும் ஆகிவிட்டார்.

அதே மாதம் 125 ரவிக்கைகள் வந்திருந்தால்? வரவு 12,500, நூல், கொக்கி, எண்ணெய்க்கு 1,250, வட்டியும் தேய்மானமும் அதே 140. மிச்சம் 11,110 ரூபாய். தைத்தது எத்தனையானாலும் அந்த 140 மாறவில்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அண்ணாச்சி காய்ச்சலில் படுத்தாலும் அது மாறாது. ஆளில்லாத இயந்திரம் ஒரு தையல்கூடப் போடாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் உழைப்பு மட்டும் போதுமா? 1860-ஐ ஒட்டி அமெரிக்காவின் வீலர் அண்ட் வில்சன் நிறுவனம் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம் ஆனது. இயந்திரத்தில் 1 மணி 16 நிமிடம். இயந்திரம் விற்றவர்களின் கணக்கு என்பதைச் சொல்லிவிட்டே இதைக் கொடுங்கள். அதே கைகள்தாம், மூலதனம் சேர்ந்ததும் ஒரு நாளின் விளைவு பல மடங்காகிறது.

கடைசியாக, மாணவர்கள் சுற்றிலும் பார்க்கட்டும். ஆலங்குளம் சிமென்ட் ஆலையின் இயந்திரங்கள் அரசின் மூலதனம். அங்கே உழைப்பவர் வேறு, உடைமையாளர் வேறு. திண்ணையில் இரண்டும் ஒருவரே. சத்துணவு உண்ணும் மாணவர்களின் இலவசச் சீருடையைத் தைப்பவர்கள் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள். அந்தச் சட்டையைக் காட்டி மூன்று கேள்விகள் கேளுங்கள்: துணி யாருடையது? இயந்திரம் யாருடையது? உழைப்பு யாருடையது? மூன்றுக்கும் தனித்தனி விடை சொல்லும் மாணவர், மூலதனம் என்றால் பணம் என்று இனி எழுதமாட்டார்.