சோம்பல் அன்று, நோய்!

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. 28 உயிர்கள் கருகின. இத்தகைய நோயாளிகளை வீட்டார் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் வெறுப்பினால் அன்று. கண்ணெதிரே நிகழ்வது என்னவென்று விளங்காமையினால்தான்.

மனச்சிதைவு நோயின் அறிகுறிகளை மருத்துவர்கள் முக்கியமாக இரண்டு வகையாகப் பார்ப்பர். முதலாவது நேர்மறை அறிகுறிகள். நேர்மறை என்பதற்கு இங்கே நல்லது என்று பொருளன்று. இயல்பில் இல்லாதது கூடுதலாக வந்து சேர்வது என்பதே பொருள். எவரும் பேசாதபோது குரல் கேட்பதும், சோற்றில் நஞ்சு இருப்பதாக அசையாது நம்புவதும் இவ்வகை. இரண்டாவது எதிர்மறை அறிகுறிகள். அதாவது, இருக்க வேண்டியது குறைந்துபோவது. பேச்சு சுருங்கும், முகத்தில் மகிழ்ச்சியோ துயரமோ தோன்றாது, குளிக்கவும் வேலைக்குச் செல்லவும் மனம் எழாது.

எங்கள் சாலவாக்கம் போன்றதோர் ஊரில் இருபது வயது இளைஞன் ஒருவனுக்கு இந்நோய் கண்டதாகக் கொள்வோம். அவன் குரல்களோடு வாதிடும்போது வீடே கலங்குகிறது. ஜின் பிடித்தது என்பார் சிலர், செய்வினை என்பார் சிலர். பின்னர் மருத்துவரிடம் செல்கிறார்கள். மாத்திரையால் சில வாரங்களில் குரல்கள் அடங்குகின்றன. ஆனால் எதிர்மறை அறிகுறிகள் மாத்திரைக்கு எளிதில் பணிவதில்லை. அவன் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறான். “நோய்தான் போய்விட்டதே, இப்போது என்ன சோம்பல்?” என்று அத்தா கடிந்துகொள்கிறார். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

இந்நோய் யாருக்கு வருகிறது? எங்கள் ஊர்ப்பக்க ஏரிக்கரையை நினைத்துப் பாருங்கள். கரை பலவீனமாயிருந்தாலும் சிறுமழையைத் தாங்கும், பெருமழையில் உடையும். பலமான கரையோ அதே மழையைத் தாங்கி நிற்கும். பிறவியிலேயே அமைந்த பலவீனம் கரையைப் போன்றது. வாழ்க்கையின் நெருக்கடி மழையைப் போன்றது. பரம்பரை மட்டுமே காரணமாயின், ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவருக்கும் தவறாது காண வேண்டும். ஆனால் பாதிப் பேருக்கு மேல் அவ்வாறு காண்பதில்லை.

பின்லாந்து நாட்டு மருத்துவர் தியனாரி, நோயுற்ற தாய்மார் பெற்றுப் பிறர் வளர்த்த பிள்ளைகளை ஆராய்ந்தார். பூசல் மிகுந்த வீடுகளில் வளர்ந்தோரிடையே நோய் மிகுந்திருந்தது. இணக்கமான வீடுகளில் வளர்ந்தோரிடையே மிகக் குறைவு. பரம்பரைப் பலவீனம் இல்லாத பிள்ளைகளுக்கோ வீட்டுச் சூழலால் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. எனவே பெற்றோரின் வளர்ப்பு மட்டும் இந்நோயை உண்டாக்கிவிடாது. நெருக்கடி என்பது வீட்டுப் பூசல் மட்டுமன்று. கஞ்சாப் பழக்கமும் அவ்வகையில் அடங்கும்.

ஆனால் நோய் கண்ட பின்னர், ஓயாத கண்டனம் பலவீனமான கரைமீது மீண்டும் மழையாகிறது. அடங்கிய குரல்கள் திரும்பி வருவதற்கு, மாத்திரையைத் தாமே நிறுத்துவதோடு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே திண்ணையில் அமர்ந்திருக்கும் மகனைக் கடியாதீர்கள். ஆட்டுக்குத் தழை போடுவது போன்ற ஒரு சிறு வேலையை நாள்தோறும் அதே நேரத்தில் உடனிருந்து செய்வியுங்கள். தூக்கம் குறைந்து, ஐயப்பாடு மிகுந்து, தனக்குள் பேசத் தொடங்கினால், அடுத்த முறை வரட்டும் என்று காத்திராது உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.